சமையல்காரி மேரியும் ஒரு பித்தப்பையும்

போன வருடம் எங்கள் விடுதியில் என் அறை நண்பனுக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் ஊரில் போய்க் கிடந்துவிட்டு எட்டு கிலோ குறைந்து திரும்பி வந்தான். வழக்கம் போல எல்லோரும் தண்ணீர்த் தொட்டியைக் குறை சொன்னோம். "மெஸ்ஸில் சமைக்கிறவர்களைச் சோதித்தார்களா?" என்று ஒருவன் கேட்டான். மெஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த உடல்தகுதிச் சான்றிதழ்களைக் காட்டினார்கள். எல்லோரும் நல்ல உடல்நலத்துடன் இருப்பதாக டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. நல்ல உடல்நலத்துடன் இருக்கும் ஒருவரால் டைபாய்டைப் பரப்ப முடியுமா என்று தேடப் போய், நூறு வருடத்துக்கு முந்தைய நியூயார்க் நகரில் ஒரு சமையல்காரியின் கதையில் வந்து நின்றேன். நான் படிப்பது பி.காம். மருத்துவம் எனக்குப் பாடம் இல்லை. ஆனால் இந்தக் கதையில் மருத்துவத்துக்குச் சமமாகச் சம்பளக் கணக்கும் இருக்கிறது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

ஒரு வாடகை வீடு

1906-ஆம் ஆண்டு கோடைக்காலம். சார்லஸ் வாரன் என்ற நியூயார்க் வங்கியாளர், லாங் ஐலண்டில் ஆய்ஸ்டர் பே என்ற கடற்கரை ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். வேலைக்காரர்களையும் சேர்த்து வீட்டில் பதினோரு பேர். ஆகஸ்ட் 27-ஆம் தேதி முதல் ஆள் படுத்தார். ஒரு வாரத்துக்குள் ஆறு பேருக்கு டைபாய்டு.

அந்தக் காலத்தில் டைபாய்டு என்றால் அழுக்கான ஏழைக் குடியிருப்புகளின் நோய் என்று நினைத்தார்கள். பணக்காரர்கள் கோடை விடுமுறைக்கு வரும் ஊரில் அது வந்தது வீட்டு உரிமையாளர் ஜார்ஜ் தாம்சனைக் கவலைப்பட வைத்தது. அடுத்த வருடம் யார் இந்த வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள்? கிணறு, பால், கழிவறை எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. காரணம் சிக்கவில்லை. கடைசியில் அவர் ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரைப் பணம் கொடுத்து வரவழைத்தார். ஒரு வாடகை வீட்டின் வருமானத்தைக் காப்பாற்றத் தொடங்கியதுதான் இந்தத் துப்பறியும் வேலை.

சோப்பர் முதலில் கடல் சிப்பியைச் சந்தேகப்பட்டார். ஆனால் அதே சிப்பியை ஊரில் மற்றவர்களும் சாப்பிட்டிருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனவே காரணம் இந்த வீட்டுக்குள்ளேயேதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வீட்டில் என்ன மாறியது என்று விசாரித்தார். ஆகஸ்ட் 4-ஆம் தேதி புதிய சமையல்காரி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அதிலிருந்து 23 நாள் கழித்து முதல் காய்ச்சல். டைபாய்டு கிருமி உடம்புக்குள் போய்க் காய்ச்சலாக வெளிப்பட ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். கணக்கு ஒத்துப்போகிறது. நோய் பரவிய சில வாரங்களில் அந்தச் சமையல்காரி வேலையை விட்டுப் போய்விட்டாள்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. அடுப்பில் கொதித்த உணவில் இந்தக் கிருமி பிழைக்காது. அப்படியானால் சமையல்காரி எப்படிப் பரப்ப முடியும்? அவள் செய்ததில் வீட்டாருக்கு மிகவும் பிடித்த ஒரு பண்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் சோப்பருக்கு விடை கிடைத்தது. பச்சையாக நறுக்கிய பீச் பழத்துண்டுகள் போட்ட ஐஸ்கிரீம்! கையில் இருக்கும் கிருமியை உணவுக்கு மாற்ற இதைவிட நல்ல வழி இல்லை என்று அவர் எழுதினார்.

அந்தச் சமையல்காரியின் பெயர் மேரி மாலன். 1869-இல் அயர்லாந்தில் பிறந்து, பதின்வயதில் பிழைப்புக்காக அமெரிக்கா வந்தவர். சோப்பர் அவர் வேலை பார்த்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடினார். கண்டுபிடித்த எட்டுக் குடும்பங்களில் ஏழில் டைபாய்டு வந்திருந்தது. மொத்தம் 22 பேர். மேரிக்கு மட்டும் ஒரு நாளும் காய்ச்சல் இல்லை.

"நான் ஆரோக்கியமாக இருக்கிறேன்"

1907 மார்ச்சில் பார்க் அவென்யூவில் ஒரு வீட்டில் மேரி சமைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டிலும் டைபாய்டு. வீட்டுக்காரர்களின் மகள் இறந்துபோனாள். சோப்பர் நேராகச் சமையலறைக்குப் போய், உன்னால் நோய் பரவுகிறது, உன் மலம், சிறுநீர், ரத்தம் மூன்றையும் சோதனைக்குக் கொடு என்று கேட்டார். முன்பின் தெரியாத ஒரு ஆண் வந்து இப்படிக் கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்? மேரி இறைச்சி வெட்டும்போது பிடிக்கும் பெரிய முள்கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினார். சோப்பர் ஓட்டம் பிடித்தார்.

அடுத்து நகரச் சுகாதாரத் துறை ஜோசபின் பேக்கர் என்ற பெண் டாக்டரைப் போலீஸ்காரர்களோடு அனுப்பியது. மேரி மணிக்கணக்காக ஒளிந்துகொண்டார். ஒரு கதவிடுக்கில் மாட்டியிருந்த துணியின் நுனி காட்டிக்கொடுத்தது. ஆம்புலன்ஸில் மருத்துவமனை போய்ச் சேரும்வரை பேக்கர் மேரியின் மேல் உட்கார்ந்தபடியே போனதாக அவரே எழுதியிருக்கிறார்.

மலத்தைச் சோதித்தார்கள். டைபாய்டு கிருமி நிறைய இருந்தது. மேரியைக் கிழக்கு ஆற்றில் இருக்கும் நார்த் பிரதர் என்ற தீவுக்குக் கொண்டுபோய், ரிவர்சைடு மருத்துவமனை வளாகத்தில் ஒரு சிறு வீட்டில் தனியாக வைத்தார்கள். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை.

நோயே இல்லாத ஒரு பெண்ணின் உடம்பில் கிருமி எங்கே இருந்தது? இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பித்தப்பை என்னும் வாடகை அறை

டைபாய்டை உண்டாக்கும் சால்மோனெல்லா டைபி என்ற பாக்டீரியா வாய் வழியாக உள்ளே போகிறது. சிறுகுடலின் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலக்கிறது, கல்லீரலைச் சேர்கிறது. கல்லீரல் சுரக்கும் பித்தநீரோடு சேர்ந்து பித்தப்பைக்கு வருகிறது. பித்தப்பை என்பது கல்லீரலுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னப் பை. நாம் கொழுப்புள்ள உணவு சாப்பிடும்போது அது சுருங்கி, பித்தநீரைக் குடலுக்குள் விடுகிறது. அதோடு கிருமியும் குடலுக்கு வந்து, மலத்தோடு வெளியேறுகிறது.

பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சல் குணமான சில வாரங்களில் கிருமியும் போய்விடும். ஆனால் நூற்றில் ஒன்றிலிருந்து ஐந்து பேர் வரை ஒரு வருடத்துக்கு மேலும் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருப்பார்கள். இவர்களைத்தான் நாள்பட்ட நோய்தாங்கிகள் என்கிறார்கள். ஆங்கிலத்தில் கேரியர். பெண்கள், வயதானவர்கள், பித்தக்கல் உள்ளவர்கள் இதில் அதிகம். இவர்களில் சிலருக்குத் தங்களுக்கு எப்போதாவது டைபாய்டு வந்ததாகவே நினைவிருக்காது. லேசான காய்ச்சலாக வந்து போயிருக்கும்.

பித்தநீர் பல பாக்டீரியாக்களைக் கொல்லக்கூடியது. இந்தக் கிருமி அதைத் தாங்கிக்கொள்கிறது. அதோடு பித்தக்கல்லின் மேல் பாசி படிவது போல ஒரு வழவழப்பான படலத்தை உண்டாக்கி அதற்குள் கூட்டமாக வாழ்கிறது. மெக்சிகோவில் நோய்தாங்கிகளிடமிருந்து எடுத்த கற்களில் இந்தப் படலத்தை நேரடியாகவே பார்த்ததாக 2010-இல் ஒரு ஆய்வு வந்தது. படலத்துக்கு உள்ளே மருந்து எளிதில் போவதில்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் அங்கே வேலை இல்லை. அதனால்தான் ஆளுக்குக் காய்ச்சலும் இல்லை, கிருமிக்கு அழிவும் இல்லை. ஒரு வீட்டில் வாடகையும் கொடுக்காமல் சத்தமும் போடாமல் குடியிருப்பவன் மாதிரி.

மேரி பொய் சொல்லவில்லை என்பது இப்போது புரிகிறது அல்லவா? நான் ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று அவர் சொன்னது உண்மை. அவரிடமிருந்து நோய் பரவியது என்று சோப்பர் சொன்னதும் உண்மை.

163 சோதனைகள்

தீவில் மேரியின் மலத்தைத் தொடர்ந்து சோதித்தார்கள். 163 மாதிரிகளில் 120-இல் கிருமி இருந்தது. 43-இல் இல்லை. மேரி தானே ஒரு தனியார் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பியபோது கிருமி இல்லை என்று பதில் வந்தது. இதை வைத்துக்கொண்டு 1909-இல் தன்னை விடுவிக்கக் கோரி நீதிமன்றம் போனார். தோற்றார்.

இரண்டு ஆய்வகமும் சரியாகத்தான் சோதித்திருக்கலாம். பித்தப்பை தினமும் ஒரே அளவில் கிருமியை வெளியே விடுவதில்லை. சில நாள் விடும், சில நாள் விடாது. எங்கள் புள்ளியியல் பாடத்தில் படித்ததை இங்கே போட்டுப் பார்த்தேன். 163-இல் 43 என்றால் சுமார் 26 சதவீதம். மேரியை ஒரே ஒரு தடவை சோதித்திருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் "இவருக்கு ஒன்றுமில்லை" என்று சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். இரண்டு தடவை சோதித்தால் அந்தத் தவறு 7 சதவீதமாகக் குறைகிறது. மூன்று தடவை சோதித்து மூன்றும் தவறாக வர வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு சோதனையும் மற்றதோடு தொடர்பில்லாதது என்று வைத்துக்கொண்டால்தான் இப்படிப் பெருக்கலாம். உண்மையில் கிருமி வராத நாட்கள் சேர்ந்தாற்போல வருகின்றன. ஒரே நாளில் மூன்று மாதிரி எடுத்தால் அது ஒரு மாதிரிக்குச் சமம்தான். அதனால்தான் டைபாய்டு வந்து குணமான உணவுத் தொழிலாளியைத் திரும்ப வேலைக்கு விடுவதற்கு, இடைவெளி விட்டு எடுத்த மூன்று மலப் பரிசோதனைகள் தொடர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. நோய்க்காக ஆண்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தாலும் பயனில்லை. மருந்து கிருமியைத் தற்காலிகமாக அடக்கி வைத்திருக்கும். மருந்தை நிறுத்திக் குறைந்தது இரண்டு நாளாவது ஆன பிறகுதான் எடுக்க வேண்டும்.

சம்பளக் கணக்கு

சரி, கண்டுபிடித்தாயிற்று. சிகிச்சை? அப்போது ஆண்டிபயாடிக் கிடையாது. மேரிக்கு யூரோட்ரோபின் என்ற மருந்து கொடுத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், ஈஸ்ட் கொடுத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. பித்தப்பையை அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் வயிற்று அறுவை சிகிச்சையே உயிருக்கு ஆபத்தானது. எனக்கு நோயே இல்லை, எதற்காக அறுக்க வேண்டும் என்று மேரி மறுத்துவிட்டார்.

1910 பிப்ரவரியில் புதிய சுகாதார ஆணையர் எர்னஸ்ட் லெடர்லே அவரை விடுவித்தார். நிபந்தனை: இனி சமைக்கக் கூடாது, இருப்பிடத்தைத் துறைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேரி கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து சலவை வேலைக்குப் போனார்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். பணக்கார வீடுகளில் சமையல்காரி என்பது வேலைக்காரர்களில் நல்ல சம்பளமும் மரியாதையும் உள்ள வேலை. சலவைக்காரிக்கு அதைவிடக் குறைவு. சமைப்பது மேரிக்குத் தெரிந்த ஒரே தொழில், அதில் அவர் கெட்டிக்காரர். நகரத்தின் நன்மைக்காக அவர் தன் தொழிலை விட வேண்டும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் அந்த நஷ்டத்தை யார் ஏற்பது? நகரம் அவருக்குப் புதிய தொழில் கற்றுத்தரவில்லை. குறையும் வருமானத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. லாபம் ஊருக்கு, நஷ்டம் முழுவதும் ஒருத்தி தலையில். கணக்குப் படித்தவன் இதைப் பார்த்தால், இந்த ஏற்பாடு நெடுநாள் தாங்காது என்று சொல்லிவிடுவான்.

தாங்கவில்லை. 1915-இல் நியூயார்க்கில் ஸ்லோன் என்ற பிரசவ மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு வந்தது. பெரும்பாலும் டாக்டர்களும் நர்சுகளும். இரண்டு பேர் இறந்தார்கள். சமையலறையில் "மிசஸ் பிரௌன்" என்ற பெயரில் ஒரு பெண் இருந்தார். சோப்பரைக் கூப்பிட்டுக் கையெழுத்தைக் காட்டினார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேரி!

இந்தத் தடவை அவருக்காகப் பரிதாபப்பட யாரும் இல்லை. அதே தீவுக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். 1938 நவம்பர் 11-இல் இறக்கும்வரை, 23 வருடம் அங்கேயே இருந்தார். கடைசிக் காலத்தில் தீவின் ஆய்வகத்திலேயே அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அந்த வேலையை 1910-இலேயே கொடுத்திருந்தால் ஸ்லோன் மருத்துவமனையில் அந்த இரண்டு பேர் சாகாமல் இருந்திருப்பார்களோ என்று தோன்றுகிறது. தெரிந்தே மருத்துவமனையில் சமைத்தது மேரியின் தவறு, அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த ஒரு தவறுக்குப் பின்னால் பல பேரின் தவறுகள் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேரியைப் போல நூற்றுக்கணக்கான நோய்தாங்கிகளை நியூயார்க் நகரம் பின்னால் கண்டுபிடித்தது. 1924-இல் அல்போன்ஸ் கோட்டில்ஸ் என்ற பேக்கரி உரிமையாளர் தடையை மீறி உணவுத் தொழில் செய்து பிடிபட்டார். நீதிபதி தண்டனையை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பினார். அவர் கடை முதலாளி, மேரி வேலைக்காரி. விதி ஒன்றுதான், அது விழுந்த கனம் வேறு.

இன்று என்ன செய்கிறார்கள்?

1948-இல் குளோராம்பெனிக்கால் வந்ததும் டைபாய்டு காய்ச்சலைக் குணப்படுத்த முடிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், நோய்தாங்கிகளின் பித்தப்பையில் இருந்த கிருமியை அது ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஆம்பிசிலினை வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், ஓரளவு பலன் கிடைத்தது. 1980-களில் வந்த சிப்ரோபிளாக்சசின் பித்தநீரில் நன்றாகச் சேரக்கூடியது. நான்கு வாரம் தினம் இரண்டு வேளை கொடுத்தால், கிருமி மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருந்து பித்தக்கல்லும் இல்லாவிட்டால், பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். கல் இருந்தால் மருந்து பல நேரம் தோற்கும், பித்தப்பையை எடுக்க வேண்டி வரும். எடுத்த பிறகும் சிலருக்குக் கல்லீரலின் பித்தக் குழாய்களில் கிருமி தங்கிவிடுவது உண்டு. நம் நாட்டில் இன்னொரு சிக்கல். இங்கே இருக்கும் டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை சிப்ரோபிளாக்சசினுக்கு முன்போலக் கட்டுப்படுவதில்லை. எனவே கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்த பிறகுதான் சிகிச்சை.

இனி எங்கள் மெஸ் சுவருக்கு வருகிறேன். இந்தியாவில் உணவைக் கையாளும் தொழிலாளர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசியும் கேட்கின்றன. நல்ல விதி. ஆனால் சான்றிதழின் படிவத்தைப் பாருங்கள். உடல் பரிசோதனை, கண், தோல், தடுப்பூசி விவரம். தொற்றுநோய் இருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் அதற்கான சோதனை. நோய்தாங்கியைப் பார்த்து எந்த டாக்டருக்குச் சந்தேகம் வரும்? மேரி இன்று வந்தாலும் இந்தப் படிவத்தில் தேறிவிடுவார்! தடுப்பூசியும் ஏற்கெனவே பித்தப்பையில் இருப்பதை வெளியேற்றாது. நம் ஊரில் எல்லோரும் எடுக்கும் வைடால் ரத்தப் பரிசோதனையாலும் நோய்தாங்கியைக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்காக நாட்டில் உள்ள எல்லாச் சமையல்காரர்களுக்கும் வருடா வருடம் மூன்று மலப் பரிசோதனை செய்வதும் நடக்காத காரியம். ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஒன்றிரண்டு பேரைக் கண்டுபிடிப்போம். அவர்களும் அடுத்த மாதமே வேறொருவரிடமிருந்து கிருமியை வாங்கலாம். இடம் தெரிந்து சோதிப்பதுதான் பலன் தரும். யாருக்கு டைபாய்டு வந்து குணமானதோ அவரைச் சோதிக்க வேண்டும். எந்தச் சமையலறையில் சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து நோய் வருகிறதோ அங்கே சோப்பரைப் போலத் தேதிகளை எழுதி வைத்துத் தேட வேண்டும். மற்ற நாட்களில் சோப்பும் தண்ணீரும்தான் காவல். கழிவறையிலிருந்து வந்து கை கழுவிய நோய்தாங்கியிடமிருந்து பரவும் வாய்ப்பு மிகவும் குறைவு. அதிலும் சட்னி, சாலட், நறுக்கிய பழம் போல அடுப்பில் ஏறாத பண்டங்களில்தான் கவனம் வேண்டும்.

எங்கள் மெஸ்ஸில் சட்னி அரைக்கும் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அப்படி இருக்குதுன்னு தெரிஞ்சா என்னை வேலைல வச்சுக்குவாங்களா தம்பி?" என்று கேட்டார். சோதனை முடியும்வரை வேறு வேலை கொடுத்துச் சம்பளமும் கொடுப்பார்கள் என்று சொல்ல நினைத்தேன். அப்படி ஒரு விதி எங்கள் மெஸ்ஸில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அது இல்லாதவரை, வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால்கூட அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை. மேரியும் சொல்லவில்லை.